நாலு பக்கமும் கறுப்புப் பட்டை: கருங்கல் கல்யாண வீடியோ ஒன்றைச் சரிசெய்த விவரம்

போன மாதம் கருங்கலில் இருந்து மைனி தக்கலைக்கு வந்தபோது ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கையில் தந்தார். 2006-இல் நடந்த அவர்களுடைய கல்யாண வீடியோ. டிவிடியில் இருந்ததை ஒரு கடையில் கொடுத்து எம்பி4 ஆக மாற்றி வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் புதிதாக 43 இஞ்ச் டிவி வாங்கி, அதில் முதலில் பார்க்க நினைத்தது இதைத்தான்.

"படம் நடுவுல சின்னதா நிக்குது தம்பி. சுத்தி நாலு பக்கமும் கறுப்பா இருக்கு. ரிமோட்டுல என்னத்த அமுக்கினாலும் மாறல. இத திரை நிறைய ஆக்க முடியுமா?"

பழைய கேசட்டையும் டிவிடியையும் கணினிக்கு மாற்றித் தருவது என் வேலை. மேலும் கீழும் பட்டை இருக்கும் வீடியோ வாரத்துக்கு ஒன்றாவது வரும். இடமும் வலமும் பட்டை இருப்பதும் வரும். நாலு பக்கமும் இருந்தால் அந்தப் பட்டை பெரும்பாலும் ஒரே தடவையில் வந்ததாக இருக்காது. இரண்டு வேறு ஆட்கள் இரண்டு வேறு காலத்தில் சேர்த்திருப்பார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, பட்டை கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறதா, இல்லை ஓட்டும் கருவி சேர்க்கிறதா என்பது. படத்தின் வடிவமும் திரையின் வடிவமும் வேறாக இருந்தால் மீதி இடத்தை டிவியே கறுப்பாக விடும். அதில் திருத்த ஒன்றும் இல்லை. படத்தோடு படமாகப் பட்டை பதிந்திருந்தால்தான் நமக்கு வேலை. இதைக் கண்டுபிடிக்கக் கணினியில் விஎல்சியைத் திறந்து, முழுத்திரை ஆக்காமல் சின்னச் சாளரமாகவே ஓட விட்டால் போதும். சாளரம் வீடியோவின் அளவுக்கே திறக்கும். அப்போதும் பட்டை தெரிந்தால் அது கோப்பில் இருக்கிறது. மைனியின் வீடியோவில் சாளரத்துக்குள்ளேயே நாலு பக்கமும் கறுப்பு தெரிந்தது.

ரிமோட் ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். கோப்பின் அளவு 1920க்கு 1080, அதாவது 16:9. டிவியும் 16:9. கோப்பு திரையை ஏற்கெனவே முழுதாக நிறைத்துவிட்டது என்றுதான் டிவிக்குத் தெரியும், உள்ளே கறுப்பு இருப்பது அதற்குத் தெரியாது. விஎல்சியில் C பொத்தானை அமுக்கி 16:9 என்று வெட்டச் சொன்னாலும் ஒன்றும் நடக்காததற்குக் காரணம் இதுதான். 16:9-இல் இருந்து 16:9-ஐ வெட்ட எதுவும் மிச்சமில்லை. போனில் உள்ள எடிட்டிங் ஆப்களில் 'ஃபில்' என்று கொடுத்தாலும் இதே கதைதான்.

அடுத்து அளந்து பார்த்தேன். வெளிச்சமான ஒரு காட்சியில் நிறுத்தி, விஎல்சியில் Shift+S அமுக்கி ஒரு படம் எடுத்து, அதைப் பெயின்டில் திறந்தேன். மவுஸை எங்கே வைக்கிறோமோ அந்த இடத்தின் புள்ளிக் கணக்கைப் பெயின்ட் கீழே இடது ஓரத்தில் காட்டும். உண்மையான படம் தொடங்கும் மேல் இடது மூலையில் வைத்தால் 240, 135 என்று வந்தது. அதாவது இடத்திலும் வலத்திலும் 240 புள்ளி, மேலும் கீழும் 135 புள்ளி கறுப்பு. நடுவில் இருக்கும் படம் 1440க்கு 810.

இந்த எண்களை வைத்தே பழைய கதையைப் படித்துவிடலாம். 1920-இல் இரண்டு பக்கமும் 240 போனால் 1440 மீதி. 1440க்கு 1080 என்பது 4:3, பழைய டிவியின் வடிவம். ஆக, டிவிடி 4:3-ஆக இருந்திருக்கிறது. அதை 16:9 சட்டத்துக்குள் வைத்தபோது கடைக்காரர் இடமும் வலமும் பட்டையைப் பதித்துவிட்டார். அந்த 4:3-க்குள் இருக்கும் படமோ 1440க்கு 810, அது திரும்பவும் 16:9. இந்த மேல் கீழ் பட்டை 2006-லேயே வந்தது. அந்தக் காலத்தில் MiniDV என்ற சின்னக் கேசட்டில் பதிந்த கேமராக்கள் பலவற்றில் 'அகலத்திரை' என்று ஒரு வசதி உண்டு. படம் உண்மையில் அகலமாகாது. 4:3 சட்டத்தின் மேலும் கீழும் கறுப்பைப் பூசி, சினிமா மாதிரி காட்டும். வீட்டில் 21 இஞ்ச் பெட்டி டிவி இருந்த நாளில் அது அழகாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டும் சேர்ந்ததால் அகலத்திலும் உயரத்திலும் முக்கால் பங்குதான் படம். 43 இஞ்ச் டிவியில் முக்கால் என்றால் 32 இஞ்ச். மைனி வாங்கியது 43 இஞ்ச், கல்யாணத்தைப் பார்த்தது 32 இஞ்சில். பரப்பாகக் கணக்குப் போட்டால் திரையில் 56 சதவீதம்தான் படம், மற்றதெல்லாம் கறுப்பு.

நல்ல சேதி என்னவென்றால், உள்ளே இருக்கும் படம் 16:9-ஆகவே இருப்பதால் பட்டையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் திரை சரியாக நிறையும். படத்தில் ஒரு தலையும் போகாது, யாரும் குண்டாகவோ ஒல்லியாகவோ ஆகமாட்டார்கள். போன் ஆப்பிலேயே செய்வதானால் 16:9 கேன்வாஸில் வீடியோவை வைத்து அளவை 133.4 சதவீதம் ஆக்கினால் போதும், ஏனென்றால் 1920-ஐ 1440-ஆல் வகுத்தால் 1.333. அந்தக் கடைசிப் புள்ளி ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு மிஞ்சாமல் இருக்க.

கண்ணால் அளந்தது சரிதானா என்று, கட்டளை எழுதி வீடியோவை வெட்டவும் மாற்றவும் உதவும் எஃப்எஃப்எம்பெக்கையும் கேட்டேன். வீடியோவின் 40-ஆவது நிமிடத்தில் இருந்து ஒரு நிமிடம்:

```
ffmpeg -ss 00:40:00 -i kalyanam.mp4 -t 60 -vf cropdetect=limit=24:round=2 -f null -
```

வந்த விடை `crop=1440:808:240:136`. முதல் இரண்டும் படத்தின் அகலம், உயரம். அடுத்த இரண்டும் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது. நான் 135 என்று அளந்ததை இது 136 என்கிறது. இது பிழை இல்லை. இந்த வகை வீடியோவில் நிறத்தகவல் இரண்டிரண்டு புள்ளிக்கு ஒன்றாகத்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் வெட்டும் இடம் இரட்டைப்படை எண்ணாக இருப்பது நல்லது, கருவியே அப்படிக் கூட்டிக் குறைத்துக்கொண்டது.

அந்த எண்ணை வைத்து முழு வீடியோவையும் வெட்டினேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடி முடிந்தது. நடுவில் ஒரு இடத்தைப் பார்த்தேன், திரை நிறைய இருந்தது. சரி, கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கொடுப்பதற்கு முன் ஆரம்பத்தில் இருந்து ஓட்டிப் பார்த்தபோதுதான் இரண்டு தவறுகள் தெரிந்தன.

முதலாவது, தொடக்கத்தில் வரும் முந்தின நாள் ராத்திரி விருந்து. வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, வரிசையாக எல்லாரும் இருக்கிறார்கள். கேமரா பந்தி ஓரமாக நகர்ந்து போகிறது. என் வீடியோவில் நிற்பவர்களுக்கு நெற்றிக்கு மேலே இல்லை. இருப்பவர்களுக்கு இலையே இல்லை. சோற்றுக்குப் போகும் கை மட்டும் திரையின் கீழ்ஓரத்தில் போய் மறைகிறது. பழைய கோப்பைத் திறந்து பார்த்தால் அதே காட்சியில் மேலே பந்தலின் தோரணமும், கீழே இலையில் அவியலும் பப்படமும் ஓரத்தில் வைத்த மட்டிப்பழமும் தெரிகின்றன. அந்தப் பகுதியில் மேல் கீழ் பட்டையே கிடையாது! முந்தின நாள் படம்பிடித்தது வேறு கேமரா, முழு 4:3. மறுநாள் மண்டபத்தில் பிடித்த கேமராவில்தான் பட்டை. இரண்டையும் ஸ்டுடியோவில் ஒரே டிவிடியில் சேர்த்திருக்கிறார்கள். 10-ஆவது நிமிடத்தில் அதே கட்டளையை ஓட்டியிருந்தால் `crop=1440:1080:240:0` என்று வந்திருக்கும். நான் ஒரே இடத்தில் சோதித்ததால் வந்த வினை இது.

இதற்குப் பிறகு நான் எந்த வீடியோவாக இருந்தாலும் தொடக்கம், கால், பாதி, முக்கால், முடிவு என்று ஐந்து இடத்தில் சோதிக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடமாவது. ஒரு நிமிடம் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கருவி ஓடும்வரை பார்த்ததில் பெரிய படப்பரப்பையே கடைசியில் சொல்லும். இருட்டான காட்சி இரண்டு விநாடி மட்டும் கிடைத்தால் இருட்டையும் பட்டை என்று எண்ணிப் படத்தையே தின்றுவிடும். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். கேசட்டில் இருந்து வந்த வீடியோவில் கறுப்பு சுத்தமான கறுப்பாக இருக்காது, பொடிப்பொடியாக மினுங்கும். அதைப் படம் என்று நினைத்து வெட்டவே மாட்டேன் என்று நிற்கும். அப்போது `limit=24` என்பதை 32, 40 என்று ஏற்றிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு எனக்குக் கூடுதல் வருத்தம் தந்தது. மண்டபப் பகுதி தொடங்கும்போது முதல் அரை நிமிடம் மணமக்கள் பெயரும் தேதியும் வரும். ஸ்டுடியோக்காரர் அந்த எழுத்தைக் கீழே உள்ள கறுப்புப் பட்டையில் போட்டிருந்தார். வெறும் இடம்தானே என்று அங்கே எழுதியிருக்கிறார். நான் பட்டையை வெட்டியபோது பெயரும் தேதியும் அதோடு போய்விட்டன. மைனியிடம் போனில் கேட்டேன். "ஐயோ, பேரு வரணும் தம்பி. அது வரும்போதுதான் எங்க அப்பா எல்லாரையும் சத்தம் காட்டாம இருங்கன்னு சொல்லுவாங்க" என்றார்.

இதற்கிடையில் இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. மைனி ஆரத்திக்குத் திரும்பும் காட்சியில் நிறுத்தினால் கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி, ஆனால் தடித்து, மங்கலாகத் தெரிந்தது. அந்தக் காலத்து வீடியோவில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக இருக்கும். ஒற்றை வரிகள் ஒரு நொடிப்பொழுதிலும் இரட்டை வரிகள் அதற்கு அடுத்த நொடிப்பொழுதிலும் பிடித்தவை. அவற்றை முதலில் பிரித்துவிட்டுப் பிறகுதான் படத்தைப் பெரிதாக்க வேண்டும். கடையில் பிரிக்காமலே 576 வரியை 1080 ஆக இழுத்துவிட்டார்கள், இரண்டு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோயிற்று. கரைந்ததை இனிப் பிரிக்க வழியில்லை. பட்டையை வெட்டிப் பெரிதாக்கினால் அந்தச் சீப்புப் பல்லும் சேர்ந்து பெரிதாகும்.

அதனால் மைனியிடம் பழைய டிவிடி இருக்கிறதா என்று கேட்டேன். பீரோவில் கல்யாண ஆல்பத்துக்குள் இருந்தது. கீறல் இருந்தாலும் கணினி படித்தது. மேக்எம்கேவி கொண்டு அதை மாற்றமில்லாமல் அப்படியே ஒரே கோப்பாக எடுத்துக்கொண்டேன். யாரிடமாவது டிவிடியோ கேசட்டோ இன்னும் இருக்குமானால், மாற்றிய கோப்பில் மல்லுக்கட்டாமல் அதிலிருந்து தொடங்குவதே நல்லது. இரண்டாவது ஆள் பதித்த பட்டை அதில் இருக்கவே இருக்காது.

டிவிடியில் எண்கள் வேறு. அளவு 720க்கு 576. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். 720-ஐ 576-ஆல் வகுத்தால் 4:3 வராது, 5:4 வரும். ஏனென்றால் டிவிடியில் ஒரு புள்ளி சதுரமாக இல்லை, பக்கவாட்டில் கொஞ்சம் அகலம், உயரம் 15 என்றால் அகலம் 16. ஓட்டும்போது 720 புள்ளி 768 அளவுக்கு விரியும், அப்போது 4:3 சரியாக வந்துவிடும். இதை மறந்து 720-ஐ அப்படியே சதுரப் புள்ளியாக எண்ணுவதால்தான் பல வீடியோக்களில் ஆட்கள் ஒடுங்கி, நீண்ட முகத்தோடு தெரிகிறார்கள்.

மண்டபப் பகுதியில் மேலும் கீழும் 72 வரி கறுப்பு, நடுவில் 432 வரி படம். 768-ஐ 432-ஆல் வகுத்தால் 1.777, அதுதான் 16:9. கடைக்கோப்பில் கண்ட அதே விகிதம் இங்கேயும் வந்ததால் கணக்கு சரி என்று உறுதியாயிற்று. பெயர் வரும் அரை நிமிடம் 18 நிமிடம் 24 விநாடியில் முடிகிறது. அதற்குப் பிறகு உள்ளதை மட்டும் இப்படி வெட்டினேன்:

```
ffmpeg -ss 00:18:24 -i kalyanam.mkv \
 -vf "bwdif,crop=720:432:0:72,scale=1280:720,setsar=1" \
 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k kettu.mp4
```

விண்டோஸில் ஓட்டுபவர்கள் வரிக்கடைசியில் உள்ள சாய்கோட்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே வரியாக எழுத வேண்டும். மேற்கோளுக்குள் இருக்கும் நாலு சொல்லின் வரிசைதான் இதில் முக்கியம். `bwdif` இரண்டு பாதிகளையும் பிரிக்கிறது, அது முதலில் வர வேண்டும். அப்புறம் `crop` பட்டையை எடுக்கிறது. அப்புறம் `scale` பெரிதாக்குகிறது. கடைசியில் `setsar=1` என்பது இனிப் புள்ளி சதுரம்தான் என்று கோப்பில் குறித்து வைக்கிறது. `scale` அந்தக் குறிப்பைத் தானே மாற்றிவிடும் என்றாலும், பழைய குறிப்பு மிஞ்சி டிவி இன்னொரு தடவை அகலமாக்காமல் இருக்க இது ஒரு காவல்.

1080 ஆக்காமல் 720-இல் நிறுத்தியதற்குக் காரணம், கையில் இருப்பது 432 வரிதான். எவ்வளவு இழுத்தாலும் இல்லாத விவரம் வராது. மீதியை டிவி பெரிதாக்கிக்கொள்ளும்.

கட்டளை எழுதப் பிடிக்காதவர்கள் ஹேண்ட்பிரேக்கில் இதையே செய்யலாம். Range என்பதை Seconds ஆக்கி 18:24-இல் இருந்து தொடங்கச் சொல்லி, Dimensions பகுதியில் Cropping என்பதை Custom ஆக்கி, Top 72, Bottom 72 என்று கொடுத்தால் போதும். Filters பகுதியில் Deinterlace-ஐயும் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஹேண்ட்பிரேக் சொல்லாமலே தானாகப் பட்டையை வெட்டும். வீடியோவில் சில இடங்களை எடுத்துப் பார்த்து அதுவே முடிவு செய்யும். எங்கள் டிவிடி மாதிரி இரண்டு வடிவம் கலந்திருந்தால் நான் செய்த தவறையே அதுவும் செய்யக்கூடும்.

அடுத்தது முந்தின நாள் விருந்து. இதிலும் திரையை நிறைக்கலாம் என்றால், 4:3 படத்தை 16:9 ஆக்க உயரத்தில் கால் பங்கை வெட்ட வேண்டும். எங்கே வெட்டினாலும் பந்தியில் ஒன்று முகம் போகும், இல்லை இலை போகும். பக்கவாட்டில் இழுத்து நிறைத்தால் எல்லாரும் குட்டையாகத் தெரிவார்கள். முற்றத்தில் நிற்கும் அம்பாசடர் காரின் சக்கரத்தை வைத்துப் பார்த்தேன். இழுத்த படத்தில் சக்கரம் முட்டை வடிவம் ஆகிவிட்டது. படம் சரியான விகிதத்தில் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. சக்கரம், தாம்பாளம், குத்துவிளக்கின் அடித்தட்டை நேர் மேலிருந்து காட்டும் காட்சி, இதில் ஏதாவது ஒன்றில் நிறுத்தி, திரையில் ஸ்கேலை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஓரத்தில் அதே படத்தை மங்கலாக்கி நிரப்பும் வழியும் இருக்கிறது. போனில் பார்க்கும் சின்ன வீடியோக்களில் அது நன்றாக இருக்கலாம். பெரிய டிவியில், பாட்டி பக்கத்தில் இன்னொரு மங்கலான பாட்டி அசைந்துகொண்டே இருப்பதை 18 நிமிடம் பார்க்க முடியாது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அதனால் அந்தப் பகுதியை 4:3 ஆகவே விட்டேன். ஆனால் பட்டையைப் பதிக்கவில்லை:

```
ffmpeg -t 00:18:24 -i kalyanam.mkv \
 -vf "bwdif,scale=960:720,setsar=1" \
 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k virundhu.mp4
```

கோப்பு 960க்கு 720, உள்ளே படம் மட்டும். இடமும் வலமும் கறுப்பு வேண்டுமென்றால் ஓட்டும்போது டிவி விட்டுக்கொள்ளட்டும். நாளைக்கு வேறு வடிவத்தில் ஒரு திரை வந்தால் அது தனக்கு வேண்டியபடி விடும். 2006-இல் ஒருவரும் பிறகு இன்னொருவரும் அந்தந்த நாளின் திரையை நினைத்து பட்டையைக் கோப்புக்குள் பதித்தார்கள். மூன்றாவதாக நானும் அதைச் செய்யக் கூடாது என்று இருந்தேன். மணமக்கள் பெயர் வரும் அரை நிமிடத்தில் மட்டும் பட்டை அப்படியே இருக்கிறது, எழுத்து அதில்தான் இருக்கிறது, என்ன செய்ய.

இரண்டையும் சேர்த்து ஒரே கோப்பாக்க முயற்சி செய்யவில்லை. சேர்ப்பதென்றால் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், அதற்கு விருந்துப் பகுதிக்குப் பட்டை பதிக்க வேண்டும். பென்டிரைவில் `01_virundhu.mp4`, `02_kettu.mp4` என்று பெயர் வைத்துப் போட்டேன். ஒன்று முடிந்ததும் டிவி அடுத்ததை எடுத்துக்கொள்கிறது. பென்டிரைவ் ஃபேட்32 வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது. மண்டபப் பகுதி அதைத் தாண்டியதால், தரத்தைக் குறிக்கும் `-crf 18` என்பதை 20 ஆக்கித் திரும்ப ஓட்டினேன். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, கோப்பு அளவுக்குள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கருங்கலில் போட்டுப் பார்த்தோம். முந்தைய கோப்பில் மண்டப வாசலில் வந்து நிற்கும் காரின் சக்கரத்தைத் திரையில் அளந்தபோது 9 சென்டிமீட்டர் இருந்தது. இப்போது குறுக்கே 12, நெடுக்கே 12. மைனி அதைப் பார்க்கவில்லை. பந்தி வந்ததும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், "இது எங்க பெரியம்மா, பாத்தியா, இலையில பாயசத்துக்கு பழம் பிசையிறாங்க" என்று கைவைத்துக் காட்டினார்.